ஒரு பிறை, இரண்டு புள்ளிகள்: கைபேசியில் விரைந்து தட்டும் இந்தியில் நேரும் பிழைகள்

கைபேசியில் அவசரமாகத் தட்டப்பட்ட ஓர் இந்தி வரியைப் பாருங்கள்:

मै गाव मे हू, पडोस की लडकी पढ रही है।

"நான் கிராமத்தில் இருக்கிறேன், பக்கத்து வீட்டுப் பெண் படித்துக்கொண்டிருக்கிறாள்" என்று இதன் பொருளை இந்தி அறிந்த எவரும் தயக்கமின்றிப் புரிந்துகொள்வார். ஆயினும் இந்த ஒரு வரியில் ஏழு பிழைகள் இருக்கின்றன. சரியாக எழுதினால் அது இப்படி அமையும்:

मैं गाँव में हूँ, पड़ोस की लड़की पढ़ रही है।

இரண்டையும் ஒப்பிட்டால், விடுபட்டவற்றில் ஒன்றுகூட முழு எழுத்து அன்று என்பது தெரியும். मैं, में ஆகிய இரண்டிலும் தலைக்கு மேல் ஒரு புள்ளி, गाँव, हूँ ஆகிய இரண்டிலும் பிறையோடு சேர்ந்த புள்ளி, पड़ोस, लड़की, पढ़ ஆகிய மூன்றிலும் எழுத்தின் அடியில் ஒரு புள்ளி என்று ஏழு சிறு குறிகளே தவறியிருக்கின்றன. இவற்றுள் எதை விட்டால் பொருள் கெடும், எதை விட்டால் வெறும் அழகுக் குறைவோடு போகும், எது பிழையே அன்று என்பதைப் பிரித்தறிவதுதான் இந்தி கற்கத் தொடங்குபவருக்கு முதலில் தேவைப்படுவது.

தமிழ் எழுத்துக்குப் பழகிய கண்ணுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழில் ஓர் எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் அதிலுள்ள அகரம் நீங்கி அது மெய்யெழுத்தாகிவிடும். தேவநாகரியில் அந்த வேலையைச் செய்வது எழுத்தின் காலடியில் சாய்வாக இடும் ஹலந்த் என்னும் கோடு. அங்கே காணும் புள்ளிகளுக்கோ வேறு வேலை. மேலே தனித்து நிற்கும் புள்ளி அனுஸ்வாரம். பேச்சுவழக்கில் அதைப் பிந்து என்பார்கள். பிறையின் நடுவே நிற்பது சந்திரபிந்து. எழுத்துக்கு அடியில் வருவது நுக்தா.

சந்திரபிந்து குறிக்கும் ஒலி தமிழருக்குப் புதியது அன்று; அதற்குத் தமிழில் தனிக்குறி இல்லை என்பது மட்டுமே வேறுபாடு. "வந்தான்" என்று எழுதுகிறோம். ஆனால் பேசும்போது இறுதி னகரத்துக்காக நாக்கு மேலண்ணத்தைத் தொடுவதில்லை. ஆகாரமே மூக்கின் வழியாக ஒலித்து முடிந்துவிடுகிறது. "மரம்" என்பதைப் பேச்சில் சொல்லும்போதும் உதடுகள் மூடுவதில்லை. இப்படி மெய்யெழுத்து மறைந்து, அதன் மூக்கொலி உயிரின் மேல் ஏறிக்கொண்ட நிலைதான் சந்திரபிந்து. அனுஸ்வாரம் அப்படியன்று. அடுத்து வரும் மெய்யெழுத்துக்கு இனமான மூக்கெழுத்தை அது முழுதாக ஒலிக்கச் செய்கிறது. गंगा என்பதில் அது ங், अंडा என்பதில் ண், चंपा என்பதில் ம். தமிழில் இனவெழுத்து என்று நாம் படித்ததையே இந்தியில் ஒரு புள்ளி சுருக்கி எழுதுகிறது.

இந்த வேறுபாட்டைக் காட்ட இந்திப் பாடங்களில் வழக்கமாகத் தரப்படும் இணை हंस, हँस என்பது. முன்னதை ஹன்ஸ் என்று ஒலிக்க வேண்டும், அது அன்னப்பறவை. பின்னதில் அகரம் மூக்கில் ஒலிக்க, உடனே ஸகரம் வந்துவிடும். அது சிரிப்பதைக் குறிக்கும் வினை. இந்தி எழுத்துமுறையைத் தரப்படுத்தும் மத்திய இந்தி இயக்ககமும் இதே இணையை எடுத்துக்காட்டி, பொருள் மயக்கம் வரக்கூடிய இடங்களில் சந்திரபிந்து கட்டாயம் தேவை என்கிறது.

அப்படியானால் मैं, में, नहीं ஆகியவற்றிலும் மூக்கில் ஒலிக்கும் உயிர்தானே இருக்கிறது, அங்கே ஏன் வெறும் புள்ளி மட்டும் வருகிறது என்ற கேள்வி எழும். காரணம் ஒலியில் இல்லை, இடத்தில் இருக்கிறது. தேவநாகரியில் எழுத்துகள் தொங்கும் தலைக்கோட்டுக்கு மேலே சில உயிர்க்குறிகள் ஏறி நிற்கின்றன: ि, ी, े, ै, ो, ौ ஆகியவை அத்தகையவை. அவை ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் இடத்தில் பிறையையும் வைத்தால் நெரிசலாகும் என்பதால், அங்கெல்லாம் அச்சு வசதிக்காகப் புள்ளியை மட்டும் வைக்கும் வழக்கம் ஏற்கப்பட்டிருக்கிறது. தலைக்கு மேல் இடம் காலியாக இருக்கும் अ, आ, उ, ऊ ஆகிய உயிர்களோடும் ा, ु, ू ஆகிய குறிகளோடும் பிறை முழுதாக வரும். ஆகவே में என்பதை மேம் என்றோ மேன் என்றோ வாசிப்பது தவறு. அங்கே நிற்பது புள்ளி வடிவில் இருக்கும் சந்திரபிந்து. ஏகாரத்தை மூக்கில் ஒலித்தால் போதும்.

இந்த அடிப்படையோடு கைபேசிக்கு வருவோம். இந்தியை அதில் தட்ட இரண்டு வழிகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று, ரோமன் எழுத்தில் `maa` என்று தட்டினால் தேவநாகரியாக மாற்றித் தரும் முறை. மற்றது, தேவநாகரி எழுத்துகளே விசைகளாக இருக்கும் முறை. முதல் முறையில் மூக்கொலிக்கென்று ரோமன் எழுத்தில் தனிக்குறி இல்லை. விசைப்பலகை ஊகித்துத் தரும் मां, माँ, मा ஆகியவற்றுள் முதலில் நிற்பதை விரல் தொட்டுவிடுகிறது. இரண்டாம் முறையில் அனுஸ்வாரம் முன்பக்கத்திலேயே இருக்கும். சந்திரபிந்துவோ பல விசைப்பலகைகளில் ஒரு விசையை அழுத்திப் பிடித்தால்தான் வெளிப்படும். அந்த அரை வினாடியைச் செலவிட விரும்பாத விரல் தேடிப் பிடிக்கும் குறுக்குவழிதான் நான் பார்த்தவற்றுள் மிகவும் விளக்கத்துக்குரிய பிழை. அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ஆங்கிலச் சொற்களில் வரும் விரிந்த ஒகர ஒலியை எழுத தேவநாகரியில் ॉ என்றொரு குறி உண்டு. डॉक्टर, कॉलेज ஆகியவற்றில் வருவது அதுதான். கால் போன்ற கோட்டின் தலையில் ஒரு பிறை. உள்ளே புள்ளி இல்லை. சிறிய திரையில் பார்க்கும்போது இந்தப் பிறையும் சந்திரபிந்துவின் பிறையும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே 'அம்மா' என்னும் பொருள்தரும் माँ என்ற சொல்லை எழுத வேண்டியவர், பிறையுள்ள குறியைக் கண்டதும் அதைத் தட்டி, மேலே ஒரு புள்ளியும் சேர்த்துவிடுகிறார். கிடைப்பது मॉं. கண்ணுக்கு அது சரியாகவே தோன்றும். உள்ளே இருப்பது வேறு. மூன்று வடிவங்களையும் யூனிகோடு குறியெண்களோடு வைத்துப் பார்த்தால் இது விளங்கும்:

```
माँ   092E 093E 0901
मां   092E 093E 0902
मॉं   092E 0949 0902
```

முதலாவதில் ம, ஆகாரக் கால், சந்திரபிந்து ஆகிய மூன்றும் முறைப்படி நிற்கின்றன. இரண்டாவதில் சந்திரபிந்துவின் இடத்தில் அனுஸ்வாரம் வந்திருக்கிறது. மூன்றாவதில் ஆகாரமே இல்லை. அதன் இடத்தில் ஆங்கில ஒகரத்தின் குறி இருக்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து வாசித்தால், मॉल என்று எழுதும்போது வரும் ஒலிதான் வரும். புள்ளியையும் விட்டு मॉ என்று மட்டும் தட்டுவோரும் பலர். गाँव என்பது गॉव ஆவதும், पाँच என்பது पॉच ஆவதும், चाँद என்பது चॉद ஆவதும் இதே வழியில்தான். ஓர் ஆவணத்தில் माँ என்று தேடினால் मॉं இருக்கும் பக்கங்கள் அகப்படாமல் போகலாம். உரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் தடுமாறும்.

मां என்ற நடு வடிவத்தைப் பிழை என்று அடித்துத் திருத்துவதை நான் ஒப்புவதில்லை. இந்தி நாளிதழ்களில் அது பரவலாக அச்சாகிறது, பொருளும் மயங்குவதில்லை. கற்பவர் माँ என்றே எழுதப் பழகுவது நல்லது. ஆனால் पांच, गांव என்று எழுதியவரை அறியாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. மாறாக मॉं, गॉव போன்றவற்றை எந்த அச்சு வழக்கும் ஏற்பதில்லை. அவற்றைக் கட்டாயம் திருத்த வேண்டும்.

மேற்புள்ளி விடுபடுவதில் உண்மையாகவே பொருள் மாறும் இடம் வினைச்சொற்களில் இருக்கிறது. है என்பது ஒருமை. हैं என்பது பன்மை. மரியாதைக்கு உரியவரைப் பற்றிச் சொல்லும்போதும் பன்மைதான் வரும். ஆண்பாலில் पिताजी आ रहे हैं என்னும்போது रहे என்ற சொல்லிலும் மரியாதை தெரிவதால், புள்ளி தவறினாலும் குறிப்பு எஞ்சியிருக்கும். பெண்பாலில் அந்த வாய்ப்பு இல்லை. माँ आ रही है என்பதற்கும் माँ आ रही हैं என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு அந்த ஒரு புள்ளி மட்டுமே. தமிழில் 'வருகிறாள்', 'வருகிறார்' என்று விகுதி செய்யும் வேலையை இந்தியில் அது செய்கிறது. थी, थीं ஆகியவற்றிலும் இதுவே நிலை: ஆசிரியையைப் பற்றி எழுதும்போது थीं என்பதன் புள்ளி விட்டுப்போனால், அவரை 'அவள்' என்று எழுதியதாகிவிடும்.

தேவையற்ற இடத்தில் புள்ளி வைப்பதும் உண்டு. 'நண்பர்களுக்கு' என்பதில் मित्रों என்று புள்ளி வரும். 'நண்பர்களே' என்று விளிக்கும்போது இலக்கணப்படி मित्रो என்று புள்ளியின்றி எழுத வேண்டும்; भाइयो, बहनो என்பனவும் அப்படியே. புள்ளியோடு கூடிய வடிவம் எழுத்தில் அதிகம் வருவதால், விசைப்பலகையின் பரிந்துரையும் பெரும்பாலும் அதையே முன்வைக்கிறது.

இனி அடிப்புள்ளி. நுக்தா என்பது புள்ளியைக் குறிக்கும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது. இதில் இரண்டு வகை உண்டு என்பதை அறிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ड़, ढ़ ஆகிய இரண்டும் இந்தியின் சொந்த ஒலிகள். நாக்கின் நுனி மேலண்ணத்தை வருடித் தட்டிவிட்டு மீளும்போது அவை பிறக்கின்றன. सड़क, पेड़, बड़ा, पढ़ना போன்ற அன்றாடச் சொற்களில் இவை வருவதால், இங்கே நுக்தாவை விடுவது எழுத்துப்பிழையே ஆகும். பொருள் மாறிவிடாது, ஏனெனில் புள்ளி இருப்பதாலும் இல்லாததாலும் மட்டுமே வேறுபடும் சொல்லிணைகள் இங்கே அரிது. मैं पढ रहा हूँ என்று எழுதினாலும் வாசிப்பவர் தாமே புள்ளியைச் சேர்த்துக்கொள்வார். ஆனால் पढ़ना என்பதற்குப் பதிலாக पड़ना என்று தட்டினால் கதை வேறு. முன்னது படிப்பது, பின்னது விழுவது. அங்கே மாறியது புள்ளியன்று, எழுத்து.

இரண்டாம் வகை, பாரசீகம், அரபி, ஆங்கிலம் ஆகியவற்றிலிருந்து வந்த சொற்களுக்கானது: क़, ख़, ग़, ज़, फ़. தமிழில் 'ஃபோன்' என்று எழுத ஆய்தத்தைப் பகரத்தின் முன் வைக்கிறோமே, அதே வேலையை फ़ என்பதில் அடிப்புள்ளி செய்கிறது. இந்தி அச்சில் இந்த ஐந்தின் நுக்தாவைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். जमीन என்று எழுதினாலும் ज़मीन என்று எழுதினாலும் நிலம்தான். ஆயினும் புள்ளி இல்லாத வடிவமே தனிச்சொல்லாக இருக்கும்போது மயக்கம் நேரும். राज என்பது ஆட்சி, राज़ என்பது இரகசியம். सजा दी என்று ஒருவர் அனுப்பினால், கடையை அலங்கரித்தாரா, யாருக்கேனும் தண்டனை கொடுத்தாரா என்பது முன்பின் உள்ள சொற்களைப் பார்த்தால்தான் தெரியும். தண்டனைக்கு सज़ा என்று புள்ளி வேண்டும். மிகவும் தரும சங்கடமான இணை जलील, ज़लील என்பது: புள்ளி இல்லையேல் மாண்புமிக்கவர், புள்ளி வந்தால் இழிந்தவர்.

இந்த ஐந்திலும் மிகைத்திருத்தம் நிகழ்வது फ எழுத்தில்தான். फिर, फल, फूल ஆகியவை இந்தியின் சொந்தச் சொற்கள். பகரத்தோடு மூச்சைச் சேர்த்து ஒலிக்க வேண்டியவை. பேச்சில் பலர் அவற்றை ஃபகரமாக ஒலிப்பதால் फ़िर, फ़ूल என்று புள்ளியும் வந்து ஒட்டிக்கொள்கிறது. புள்ளி வைப்பதே கற்றவருக்கு அழகு என்ற எண்ணம் இந்தப் பிழைக்குத் துணைபோகிறது.

நுக்தாவை எப்போது தட்டுகிறோம் என்பதும் முக்கியம். மெய்யெழுத்து, நுக்தா, உயிர்க்குறி, அதன் பின் சந்திரபிந்து அல்லது அனுஸ்வாரம் என்பதே வரிசை. ज़िंदगी என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் தெரிவது இடப்பக்கம் நிற்கும் ि. தட்ட வேண்டியதோ ज, ़, ि, ं என்ற முறையில்தான். தமிழில் 'கெ' என்பதில் கொம்பு முன்னே நின்றாலும் நினைவகத்தில் ககரமே முதலில் இருப்பது போன்றது இது. बड़ा என்று எழுத முனைபவர் ब, ड, ா-வுக்கு இணையான ा ஆகியவற்றைத் தட்டி முடித்த பிறகு புள்ளி நினைவுக்கு வந்து அதைக் கடைசியில் சேர்த்தால், புள்ளி காலுக்கு அடியில் தொங்கும். அல்லது புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டம் திரையில் தோன்றும். அந்த வட்டத்தைக் கண்டால், ஏதோ ஒரு குறி தனக்குரிய எழுத்தைத் தேடி அநாதையாக நிற்கிறது என்று பொருள். ा குறியையும் அழித்துவிட்டு ड எழுத்திலிருந்து மீண்டும் தொடங்குவதே வழி.

ड़ என்பதைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்கக்கூடும்: 095C என்ற ஒரே குறியெண்ணாகவோ, 0921, 093C என்ற இரண்டாகவோ. விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறும். இரண்டும் திரையில் ஒன்றே. இது தட்டுபவரின் பிழை அன்று. நிரலாளர் இயல்பாக்கம் என்ற செயலால் இதைச் சரிசெய்துவிடலாம்:

```
import unicodedata
a = "\u095c"
b = "\u0921\u093c"
print(a == b)                                # False
print(unicodedata.normalize("NFC", a) == b)  # True
```

இந்த இயல்பாக்கம் मॉं என்பதை माँ ஆக மாற்றித் தராது. அவை இரண்டும் யூனிகோடின் பார்வையில் வெவ்வேறு சொற்கள். தமிழரின் ழகரத்தைத் தேவநாகரியில் எழுத ळ எழுத்தின் அடியில் நுக்தா இட்டு ऴ என்ற எழுத்தை வைத்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. அன்றாட இந்தியில் அது வராது, तमिल என்றே எழுதுவார்கள்.

உயிர்க்குறிகளைப் பொறுத்தவரை தமிழருக்கு ஒரு வசதி உண்டு: குறில் நெடில் வேறுபாட்டுக்குப் பழகிய காது, दिन என்பது நாள், दीन என்பது எளியவர், पिता என்பது தந்தை, पीता என்பது குடிப்பது என்பவற்றை எளிதில் பிரித்துக்கொள்ளும். ரோமன் எழுத்தில் தட்டும்போதுதான் சிக்கல் வருகிறது. `ki` என்று தட்டினால் कि, की இரண்டில் எதுவும் வரலாம். 'அவர் சொன்னார், மழை வரும் என்று' என்பதுபோல இரு வாக்கியங்களை இணைப்பது कि. 'உடைய' என்ற பொருளில் பெண்பால் பெயரோடு வருவது की. இகரம் மாறியதை வாசிப்பவர் ஊகித்துக்கொண்டாலும், இந்தி அறிந்தவர் கண்ணில் முதலில் உறுத்துவது இதுதான். அடுத்தது मैं, में: முன்னது 'நான்', பின்னது 'இல்' என்னும் வேற்றுமை உருபு. मेला என்பது திருவிழாச் சந்தை, मैला என்பது அழுக்கானது. और என்பது 'மற்றும்', ओर என்பது 'பக்கம்'. இவை எல்லாவற்றிலும் தலைமேல் ஒரு கோடா இரண்டு கோடுகளா என்பதே கேள்வி. சிறிய திரையில் அதைக் கண் எண்ணுவதில்லை.

கண்ணுக்கு அறவே தெரியாத உயிர்க்குறிப் பிழையும் ஒன்று இருக்கிறது. आप என்று எழுத आ என்ற முழு எழுத்தைத் தட்டாமல், अ எழுத்தைத் தட்டி அதன் பின் ा குறியைச் சேர்த்தால் अाप கிடைக்கும். தோற்றத்தில் வேறுபாடே தெரியாத எழுத்துருக்கள் உண்டு. இயல்பாக்கமும் இதைத் தொடாது. விரைவில் விரல் இருமுறை பட்டு केे என்று ஏகாரக் குறி இரட்டிப்பதும் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாக மறைந்துகொள்ளும். ஐயம் எழுந்தால் சொல்லின் இறுதியில் சுட்டியை வைத்து அழிக்கும் விசையை ஒவ்வொரு முறையாகத் தட்டிப் பாருங்கள். के என்பதில் ஒரு தட்டலில் குறி போய் क மட்டும் நிற்க வேண்டும். இன்னும் ஏகாரம் தெரிந்தால் உள்ளே ஒன்று ஒளிந்திருந்தது என்று அறியலாம். मॉं என்பதிலும் புள்ளி முதலில் அழிந்து, பிறை எஞ்சி நிற்கும். माँ என்பதில் பிறையும் புள்ளியும் ஒன்றாகவே அழியும்.

அனுப்புவதற்கு முன் நேரம் குறைவாக இருந்தால், எல்லாச் சொற்களையும் பார்க்க முனையாமல் मैं, में, हूँ, हैं, नहीं என்ற ஐந்தையும் कि, की என்ற இரண்டையும் மட்டும் பார்ப்பேன். அதன் பின் ड, ढ எழுத்துகள் சொல்லின் நடுவிலோ இறுதியிலோ, உயிரொலியை அடுத்துத் தனித்து வரும் இடங்களைப் பார்ப்பேன். அங்கே நுக்தா பெரும்பாலும் தேவைப்படும். சொல்லின் தொடக்கத்தில் வரும் ड, ढ எழுத்துகளுக்கும், अंडा போல அனுஸ்வாரத்தை அடுத்து வருவதற்கும் அது தேவையில்லை. डॉक्टर, ढोल ஆகியவை புள்ளியின்றியே சரி. सोडा, रेडियो போன்ற ஆங்கிலச் சொற்களிலும் நுக்தா வராது.

ஒரு முறை मॉं என்று தட்டி ஏற்றுக்கொண்டுவிட்டால், விசைப்பலகை அதைக் கற்றுக்கொண்டு அடுத்த முறை முதல் பரிந்துரையாகத் தரத் தொடங்கும். அந்தப் பரிந்துரையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் நீக்குவதற்கான வாய்ப்பு பல விசைப்பலகைகளில் தோன்றுகிறது. அங்கே நீக்கிவிட்டு, அதே இடத்தில் माँ என்பதைச் சந்திரபிந்துவோடு இரண்டு மூன்று முறை முழுதாகத் தட்டினால், பட்டியலில் அதுவே முன்னுக்கு வரும்.